கோயிலுக்காக நாள் தள்ளிப்போட்ட மாத்திரையும் இடது கால் ரத்தக்கட்டியும்: ஃபேக்டர் ஃபைவ் லைடன் இருந்த ஒரு குடும்பம்

ஃபேக்டர் ஃபைவ் லைடன்ங்கறது ரத்தம் சீக்கிரம் கட்டிக்கிற மாதிரி பண்ற ஒரு பரம்பரை ஜீன் மாற்றம். இது சேலத்துல நான் வேல பாக்குற ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பொண்ணோட கேஸ். அந்தப் பொண்ணும் அவங்க அம்மாவும் எழுதிக்கோங்கன்னு சம்மதம் சொன்ன பிறகுதான் எழுதறேன். பேர் போடல, அடையாளம் தெரியற மாதிரி இருந்த ஒண்ணு ரெண்ட மாத்திருக்கேன். மருந்து அளவு, டெஸ்ட் ரிசல்ட்டு, நாங்க செஞ்ச தப்பு எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கு.

## பின்னணி

வயசு 31, எடை 62 கிலோ. கல்யாணமாகி ஆறு வயசுல ஒரு பொண்ணு. வீட்லயே கொலுசுக்கு சலங்கை கோர்க்குற வேல, காலைல ஒம்பது மணிக்கு தரைல சம்மணம் போட்டு உக்காந்தா மதியம் சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பாங்க. சுகர், பிபி கெடையாது, பீடி சிகரெட் பழக்கமில்ல, முன்னாடி ஆப்பரேஷன் எதுவும் இல்ல. ஆறு வருஷம் முன்னாடி சுகப்பிரசவம், அப்ப கால்ல எந்தப் பிரச்சனையும் வரல. இத ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவப்படும்.

ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம். ஒரு நாள் காலைல இடது கால் கொலுசு இறுக்கமா இருக்குன்னு கழட்டப் பாத்திருக்காங்க, திருகாணி வரல, சோப்பு போட்டுத்தான் கழட்டினாங்களாம். வலது கால் கொலுசு எப்பவும் போல தொளதொளன்னு கிடந்திருக்கு. சாயங்காலம் கெண்டைக்கால்ல இழுத்துப் பிடிக்கிற வலி. பக்கத்துல ஒரு கிளினிக்ல சுளுக்குன்னு சொல்லி வலி மாத்திரையும் தடவுற ஜெல்லும் குடுத்திருக்காங்க. வீட்ல ஒரு பெரியம்மா ரெண்டு நாள் எண்ணெய் போட்டு நல்லா நீவி விட்டிருக்காங்க. கால்ல ரத்தக்கட்டி இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருந்தாலே அமுக்கி நீவக்கூடாது, கட்டி உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிடலாம். இவங்களுக்கு அப்படி ஆகல, அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். மூணாவது நாள் வீக்கம் தொடை வரைக்கும் ஏறினதும் இங்க வந்தாங்க.

## வந்தப்ப பாத்தது

இடது கால் முழுசா வீக்கம், லேசா நீலம் ஓடின மாதிரி இருந்துச்சு. முட்டிக்குக் கீழ பத்து சென்டிமீட்டர்ல டேப் வச்சு ரெண்டு காலையும் அளந்தோம், இடது கால் மூன்றரை சென்டிமீட்டர் ஜாஸ்தி. விரல வச்சு அமுக்கினா குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. பாதத்துல நாடி நல்லா கிடைச்சுது. பல்ஸ் 104, ஆக்சிஜன் 97, மூச்சுத்திணறல் நெஞ்சுவலி இல்ல.

கால்ல கட்டி இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு பாக்க வெல்ஸ் ஸ்கோர்னு ஒரு கணக்கு இருக்கு, கால் முழுக்க வீக்கம், மூணு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம், அமுக்கினா குழி, ரத்தநாளம் ஓடற வழில வலின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். இவங்களுக்கு நாலு வந்துச்சு. ரெண்டும் அதுக்கு மேலயும் வந்தா டி-டைமர் ரத்த டெஸ்ட்டுல நேரம் போக்காம நேரா டாப்ளர் ஸ்கேன் பாக்கணும், பாத்தோம். தொடை இடுக்குலேருந்து முட்டிக்குப் பின்னால வரைக்கும் ஆழத்து சிரை, ஸ்கேன் கருவிய வச்சு அமுக்கினா அமுங்கல. உள்ள கட்டி நிக்குதுன்னு அர்த்தம்.

## காரணம் கெடச்ச விதம்

31 வயசுல ஆப்பரேஷன் இல்லாம, எலும்பு முறிவு இல்லாம, கர்ப்பமும் இல்லாம (அதையும் டெஸ்ட் பண்ணிட்டோம்) இவ்ளோ பெரிய கட்டி ஏன் வந்துச்சு? "மருந்து மாத்திரை எதாச்சும் சாப்பிடறீங்களா"ன்னு நான் கேட்டேன், இல்லன்னாங்க. "கருத்தடை மாத்திரை?" அதுவும் இல்லன்னாங்க. கேஸ் ஷீட்ல "மருந்து எதுவும் இல்லை"ன்னு எழுதிட்டேன்.

ராத்திரி ட்யூட்டில இருந்த மூத்த சிஸ்டர் ஊசி போடும்போது வேற மாதிரி கேட்டிருக்காங்க. "ஏங் கண்ணு, பண்டிகைக்கு பொங்க வெக்கறதுக்கு நாள் தள்ளிப்போட எதாச்சும் போட்டியா?" உடனே பதில் வந்துருச்சு. "ஆமாங்க்கா, மெடிக்கல்ல வாங்கினேன், அது மாத்திரையா, எல்லாரும் போடறதுதானே." நாரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளைக்கு மூணு, பதினாலு நாள். டாக்டர் சீட்டு இல்லாம வாங்கினது. அவங்க பொய் சொல்லல, அத ஒரு மருந்துன்னே நினைக்கல, என் கேள்விதான் தப்பு.

நாரெத்திஸ்டிரோன் புரோஜெஸ்டிரோன் வகைன்னாலும் இந்த அளவுல சாப்பிட்டா அதுல கொஞ்சம் உடம்புக்குள்ளயே எத்தினைல் எஸ்ட்ரடையாலா மாறும், அதாவது கருத்தடை மாத்திரைல இருக்கிற ஈஸ்ட்ரோஜன். நாளைக்கு 10லேருந்து 20 மில்லிகிராம் சாப்பிட்டா சுமாரா 20லேருந்து 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைய சாப்பிட்ட மாதிரி. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்த உறைய வைக்கிற பக்கம் தள்ளும்.

## சிகிச்சையும் ரெண்டாம் நாள் செஞ்ச தப்பும்

மாத்திரைய நிறுத்திட்டு இனாக்ஸபரின்ங்கற ஹெப்பாரின் வகை ஊசி 60 மில்லிகிராம் பன்னண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சோம். ரெண்டு நாள்ல நீலம் குறைஞ்சு, வலி குறைஞ்சு, கால் நிறம் தெளிஞ்சுது. அதுக்கப்புறம் ரத்தம் உறையாம இருக்க ரிவராக்ஸபான்ங்கற மாத்திரைக்கு மாத்தினோம், மூணு வாரம் 15 மில்லிகிராம் ரெண்டு வேளை, அப்புறம் 20 மில்லிகிராம் ஒரு வேளை, சாப்பாட்டோட. வெறும் வயித்துல போட்டா சரியா உடம்புல சேராது, அதனால சாப்பாட்டோடங்கறத சீட்டுல அடிக்கோடு போட்டுக் குடுத்தோம்.

ரெண்டாம் நாள் சொந்தக்காரங்க "எல்லா டெஸ்ட்டும் எடுத்துருங்க"ன்னு கேட்டதால எங்க ஆளுங்க ரத்தம் உறையற நோய்களுக்கான மொத்த பேக்கேஜுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பிட்டாங்க. ரிப்போர்ட்ல, ரத்தம் உறையறத நிறுத்த உதவற புரோட்டீன் எஸ் குறைவு, ஏபிசி ரெசிஸ்டன்ஸ்ங்கற டெஸ்ட்டுக்கு "ஹெப்பாரின் கலந்திருப்பதால் சொல்ல முடியாது". புதுசா கட்டி இருக்கும்போது புரோட்டீன் எஸ் செலவாகி குறையும், ஈஸ்ட்ரோஜனும் அத குறைக்கும், இவங்களுக்கு ரெண்டுமே இருந்துச்சு. ஆனா ரிப்போர்ட்டப் பாத்த வீட்டுக்காரர் நெட்ல தேடிட்டு, பிறவிலயே புரோட்டீன் எஸ் இல்லாத நோய், வாழ்க்க பூரா மருந்துன்னு முடிவு பண்ணிட்டாரு. அத சரி பண்ண எனக்கு ரெண்டு தடவ உக்காந்து பேச வேண்டியிருந்துச்சு. பல ஆயிரம் ரூபா செலவு, பதில் ஒண்ணும் இல்ல.

## அம்மாவோட கால்

அஞ்சாவது நாள் அவங்க அம்மா ஏற்காடு பக்கத்துல ஒரு ஊர்லேருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ல வந்தாங்க. காப்பித் தோட்டத்துல பழம் பறிக்கிற வேல. கட்டில் ஓரத்துல உக்காந்தப்ப சேல கொஞ்சம் மேல ஏறுச்சு, இடது கணுக்காலுக்கு மேல தோல் கருத்து, தோல்பை மாதிரி கெட்டியா, உள்பக்கம் ஒரு ஆறின புண்ணோட தழும்பு. எப்பருந்து இப்படின்னு கேட்டேன்.

"சின்னவ பொறந்தப்ப வீங்குச்சுங்க, பதினஞ்சு நாளா கால ஊனவே முடியல. யானைக்கால்னாங்க, மாத்திரை குடுத்தாங்க. அப்பருந்து இப்படியேதான் இருக்குதுங்க."

சின்னவளுக்கு இப்ப 24 வயசு. பிரசவத்துக்கு அப்புறம் திடீர்னு ஒரு கால் மட்டும் வீங்கி, வருஷக்கணக்குல அந்தக் கால் தோல் கருத்துப் புண்ணாகறது பழைய ரத்தக்கட்டி விட்டுட்டுப் போன அடையாளம். அம்மாவுக்கு அன்னைக்கு டாப்ளர் கெடைக்கல. அம்மாவுக்கு பிரசவம், பொண்ணுக்கு மாத்திரை, ரெண்டு தடவையும் ஹார்மோன் ஏறின நேரம்தான். இங்கதான் பரம்பரையா ஒண்ணு ஓடுதோன்னு சந்தேகம் வந்துச்சு.

## ரத்தத்துக்குள்ள நடக்கிறது

ரத்தம் உறையணும்னா திராம்பின் வேணும். ஃபேக்டர் ஃபைவ்ங்கற புரதம் முறுக்கேறின நிலைல திராம்பின் உற்பத்திய பல மடங்கு வேகப்படுத்தும். உறைஞ்சது போதும்ங்கற கட்டத்துல நிறுத்தறதுக்கு உடம்புல ஒரு ஏற்பாடு இருக்கு, புரோட்டீன் சி. அது செயலுக்கு வந்ததும் புரோட்டீன் எஸ் துணையோட போயி ஃபேக்டர் ஃபைவ மூணு எடத்துல வெட்டும். முதல்ல, வேகமா வெட்டற எடம் 506வது அமினோ அமிலம், அங்க ஆர்ஜினைன் இருக்கணும். புரோட்டீன் சி ஆர்ஜினைனைப் பாத்துதான் வெட்டும்.

ஃபேக்டர் ஃபைவ் லைடன்ல ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறி அந்த எடத்துல ஆர்ஜினைனுக்குப் பதிலா குளுட்டமின் உக்காந்திருக்கும். முதல் வெட்டு விழாது. மத்த எடத்துல விழும், ஆனா மொத்தமா ஃபேக்டர் ஃபைவ் அடங்கறது சுமார் பத்து மடங்கு மெதுவாயிடும். அதனாலதான் இதுக்கு ஏபிசி ரெசிஸ்டன்ஸ்னு பேரு, ஏபிசின்னா செயல்ல இருக்கிற புரோட்டீன் சி, அதுக்கு ஃபேக்டர் ஃபைவ் மசியல. 1993ல ஸ்வீடன்ல டால்பேக் குழு இந்த மசியாத தன்மைய சொன்னாங்க, 1994ல நெதர்லாந்து லைடன் நகரத்துல அதுக்கான ஜீன் மாற்றத்த கண்டுபிடிச்சாங்க, பேரும் அந்த ஊர் பேருதான்.

நான் இத படம் வரைஞ்சு சொன்னப்ப அந்தப் பொண்ணு சொன்னாங்க, "கொலுசுல ஒரு வளையம் மட்டும் வேற அளவுல இருந்தா கட்டர் வாய் புடிக்காதுங்க, அந்த மாதிரியா?" அதே மாதிரிதான். வேற எடத்துல வெட்டலாம், நேரம் ஆகும். அந்த நேரத்துல திராம்பின் உற்பத்தி நிக்காம போகும்.

இங்கதான் நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. ஒவ்வொரு ஜீனும் அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியா இருக்கும், இந்த மாற்றம் அதுல ஒரு பிரதில மட்டும் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு பூரா கட்டியே வராது. ஐரோப்பாவுல நூறு பேருக்கு அஞ்சு பேர்கிட்ட இருக்கும், நம்ம நாட்டுல அத விட கம்மி. இவங்களுக்கே ஆறு வருஷம் முன்னாடி பிரசவம் ஒரு சிக்கலும் இல்லாம போச்சு, ஜீன் அப்பவும் இதே ஜீன்தான்.

ஜீனோட ஹார்மோன் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்குல ஏறாது, பெருக்கல் கணக்குல ஏறும். 1994ல வந்த லைடன் ஆய்வுல, ஒரு வருஷத்துல பத்தாயிரம் பெண்கள்ல ஜீனும் இல்ல கருத்தடை மாத்திரையும் இல்லன்னா கட்டி வர்றது ஒருத்தருக்கும் கொஞ்சம் கம்மி, மாத்திரை மட்டும்னா மூணு பேருக்கு, ஜீன் மட்டும்னா கிட்டத்தட்ட ஆறு பேருக்கு, ரெண்டும் சேந்தா இருபத்தெட்டு இருபத்தொம்போது பேருக்கு. அது கருத்தடை மாத்திரைக்கு எடுத்த கணக்கு, நாள் தள்ளிப்போடற மாத்திரைக்கு அப்படியே பொருத்தக்கூடாது, ஆனா ஏறுற விதம் இதுதான். ரெண்டும் சேந்தும் பத்தாயிரத்துல முப்பதுக்குள்ளதாங்கறதையும் சேத்து சொல்லணும், இல்லன்னா ஜனங்க தேவையில்லாம பயந்துடுவாங்க.

## மூணாவது மாசம்: ரெண்டு ரிப்போர்ட், ரெண்டு பதில்

பதினோராவது வாரம் ரெண்டு டெஸ்ட் எடுத்தோம். ஏபிசி ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்டுல, ரத்தம் உறையற நேரத்த புரோட்டீன் சி சேக்காம ஒரு தடவ, சேத்து ஒரு தடவ அளந்து, சேத்த நேரத்த சேக்காத நேரத்தால வகுப்பாங்க. நல்லா மசியற ரத்தத்துல உறையற நேரம் ரெண்டு மடங்குக்கு மேல நீளும், மசியாத ரத்தத்துல அவ்ளோ நீளாது. அந்த லேப்ல ரெண்டுக்கு மேல இருந்தா நார்மல். இவங்களுக்கு 2.3 வந்துச்சு, நார்மல். அதே நாள் எடுத்த பிசிஆர் ஜீன் டெஸ்ட்டுல ஃபேக்டர் ஃபைவ் லைடன் ஒரு பிரதில இருக்குன்னு வந்துச்சு.

எது சரி? ஜீன் டெஸ்ட்டுதான். இவங்க அப்ப ரிவராக்ஸபான் சாப்பிட்டுட்டு இருந்தாங்க, அந்த மருந்து உறையற நேரத்த தானாவே நீட்டி விகிதத்த பொய்யா ஏத்திடும், மசியாத ரத்தமும் மசியற மாதிரி காட்டும். ஜீன மருந்து மாத்தாது. மருந்த நிறுத்தி நாலு வாரம் கழிச்சு மறுபடி எடுத்தப்ப விகிதம் 1.6, புரோட்டீன் எஸ் நார்மல். ஏபிசி டெஸ்ட் மட்டும் எடுத்திருந்தா இந்த வீட்ல யாருக்கும் எதுவும் இல்லன்னு அனுப்பி வச்சிருப்போம்.

## எவ்ளோ நாள் மருந்து

ஒரு பிரதி மட்டும் இருக்கிறவங்களுக்கு மறுபடி கட்டி வர்ற ஆபத்து மத்தவங்கள விட ஒன்றரை மடங்குதான், அத மட்டும் வச்சு ஆயுசு பூரா மருந்து குடுக்கறது இல்ல. காரணம் தெரிஞ்சுது, அந்தக் காரணத்த நிறுத்தியாச்சு, அதனால மூணு மாசம் போதும்னு ஒரு வாதம். கட்டி தொடை இடுக்கு வரைக்கும் இருந்துச்சு, மூணாவது மாச டாப்ளர்ல பாதிதான் வழி திறந்திருந்துச்சு, அதனால ஆறு மாசம் குடுத்து நிறுத்தினோம். ரெண்டு பிரதியும் மாறியிருந்தாலோ, காரணமே இல்லாம வந்திருந்தாலோ வேற முடிவு எடுத்திருப்போம்.

நடுவுல ஒரு சிக்கல் வந்துச்சு. நாரெத்திஸ்டிரோன நிறுத்தின கையோட மாதவிடாய் வரும், அதோட ரத்தம் உறையாம இருக்க மருந்தும் ஓடுது. முதல் மாசம் எட்டு நாள் ரொம்ப அதிகமா போச்சு, ரெண்டாவது மாசமும் அதே. ஹீமோகுளோபின் 9.4க்கு இறங்கிருச்சு. தலசுத்தல் தாங்காம மாத்திரைய ரெண்டு நாள் அவங்களே விட்டுட்டாங்க, ஃபாலோஅப்புல கேட்டப்பதான் தெரிஞ்சுது. மகப்பேறு டாக்டரோட பேசி லீவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள கருப்பை சாதனம் வச்சோம், அதுல ஈஸ்ட்ரோஜன் இல்ல, ஹார்மோன் பெரும்பாலும் கருப்பைக்குள்ளயே வேல செய்யும், ரத்தப்போக்கும் குறையும், கருத்தடையும் ஆச்சு. காப்பர்-டி வச்சிருந்தா போக்கு இன்னும் ஏறியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரை குடுத்து மூணு மாசத்துல ஹீமோகுளோபின் 11.8.

## தங்கச்சி

24 வயசு தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். முகூர்த்தம் மாதவிடாய் நாள்ல விழுதுன்னு அதே மாத்திரைய வாங்கி வச்சிருந்தாங்க. நாங்க ஜீன் டெஸ்ட் எடுத்ததுக்கு உண்மையான காரணமே இதுதான். மூத்தவங்களுக்கு சிகிச்சைய அந்த ரிசல்ட் பெருசா மாத்தல, அடுத்தவங்களுக்கு மாத்தும்னு நினைச்சோம்.

அம்மாவுக்கு ஒரு பிரதில இருந்துச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கச்சிக்கு இல்லன்னு வந்துச்சு. வீட்ல உடனே "அப்ப மாத்திரை போடலாம்ல"ன்னு கேட்டாங்க. வேணாம்னு சொன்னேன். அம்மாவுக்கும் அக்காவுக்கும் கட்டி வந்த வீடு, லைடன் இல்லன்னாலும் குடும்ப வரலாறே ஆபத்த கொஞ்சம் ஏத்தும், நம்ம டெஸ்ட்டுல சிக்காத வேற காரணமும் இருக்கலாம். அம்மா ஒரு வார்த்த சொன்னாங்க, "முகூர்த்தத்த தள்ளிக்கலாம், கால தள்ளிக்க முடியாதுங்க." அதே மாசத்துல பத்து நாள் தள்ளி வேற முகூர்த்தம் பாத்து கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது.

## அதுக்கப்புறம்

மருந்து நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, மறுபடி கட்டி வரல. சாயங்காலம் இடது கால்ல கனம் இருக்கு, வேல நேரத்துல அழுத்தக் காலுறை போடறாங்க, மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடக்கறாங்க. கொலுசு இப்ப ரெண்டு கால்லயும் ஏறுது, இடது கால்ல மட்டும் திருகாணிய ஒரு வளையம் தள்ளிப் போட்டிருக்காங்க.

எழுத்துல குடுத்திருக்கிறது ரெண்டு விஷயம். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையும் நாள் தள்ளிப்போடற நாரெத்திஸ்டிரோனும் இனிமே கூடாது. மறுபடி கர்ப்பம்னு தெரிஞ்சா அந்த வாரத்துலயே வரணும், கர்ப்பகாலம் முழுக்கவும் பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரமும் தடுப்பு அளவுல ஹெப்பாரின் ஊசி தேவப்படும், ரிவராக்ஸபான் கர்ப்பத்துல கூடாது. அம்மாவுக்கு காலுறையும் புண் பராமரிப்பும் மட்டும்தான், மருந்து ஆரம்பிக்கல.

## எங்க வேலைல மாத்தினது

பெண்களுக்கு கால் வீக்கம்னு வந்தா "மருந்து சாப்பிடறீங்களா"ங்கற கேள்வியோட நிறுத்தறதில்ல, சிஸ்டர் கேட்ட மாதிரியே கோயில், கல்யாணம், வீட்டு விசேஷத்துக்கு நாள் தள்ளிப்போட மாத்திரை போட்டீங்களான்னு தனியா கேக்கறோம். பண்டிகை மாசங்கள்ல இதுக்கு ஆமான்னு பதில் வர்றது எனக்கே ஆச்சரியமா இருக்கு. புதுசா கட்டி இருக்கிற முதல் நாட்கள்ல அந்த மொத்த பேக்கேஜ் டெஸ்ட்ட அனுப்பறதில்ல. மருந்து ஓடும்போது அவசியம் பாத்தாகணும்னா ஜீன் டெஸ்ட் மட்டும். ரத்தம் உறையாம இருக்க மருந்து ஆரம்பிக்கிற எல்லா பெண்களுக்கும் அடுத்த மாதவிடாய் எப்படி இருக்கும்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லிடறோம், அத சொல்லாம விட்டதாலதான் இவங்க ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்தினாங்க.

கடைசியா வந்தப்ப அவங்க பொண்ணையும் கூட்டிட்டு வந்து, இவளுக்கும் டெஸ்ட் எடுத்துருங்கன்னாங்க. எடுக்கல. பாதிக்குப் பாதி இருக்கலாம், ஆனா இந்த வயசுல இருக்குன்னு தெரிஞ்சு மாத்தறதுக்கு எதுவும் இல்ல, வீணா ஒரு பேர் அவ மேல ஒட்டிக்கும். வயசுக்கு வந்து, ஹார்மோன் மாத்திரைன்னு ஒரு பேச்சு வர்ற அன்னைக்கு, அவளையே கேட்டு எடுத்துக்கலாம்னு சொல்லி அவ அம்மாவோட ரிப்போர்ட் நகல் ரெண்ட குடுத்தேன், ஒண்ணு சேலத்து வீட்டுக்கு, ஒண்ணு மேல ஏற்காட்டு வீட்டுக்கு.